கரண்ட் போன பிறகு பெய்யும் மழை

அந்தத் தாளில் பென்சிலால் மூன்று வட்டங்கள் போடப்பட்டிருந்தன. முதல் வட்டம், "9 வோல்ட் பேட்டரி - ரூ. 40" என்ற வரியைச் சுற்றி. இரண்டாவது, "ஜிஎஸ்எம் மாட்யூல் - ரூ. 400". மூன்றாவது கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்திருந்தது: "மற்றவை - ரூ. 500". ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி. "எத்தனை மணி நேரம்?"

மன்னார்குடிப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி, துறைத் தலைவருக்கு எழுதிய புராஜெக்ட் கடிதம் அது. டிப்ளமோவில் ஆறாவது செமஸ்டர் என்றாலே புராஜெக்ட்தான். என்ன செய்யப் போகிறோம், எதற்காக, என்னென்ன சாமான் வேண்டும், எவ்வளவு ஆகும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். பெரும்பாலான மாணவர்களுக்கு இது ஒரு சடங்கு. சீனியர் எழுதிய கடிதத்தில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இவருடைய கடிதம் திரும்பி வந்தது. வந்ததே நல்லதாகப் போயிற்று.

தலைப்பு எளியதுதான்: பேட்டரியில் இயங்கும் மழை எச்சரிக்கை மணி. நோக்கமும் வீட்டிலிருந்தே வந்தது. டெல்டாவில் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே அக்டோபரில்தான் வந்து நிற்கிறது. அறுத்த நெல்லை அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட வேண்டுமானால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மழை மிஞ்சிய ஆண்டுகளில் மத்திய அரசு அதைக் கொஞ்சம் தளர்த்துவதுண்டு. ஆனால் தளர்த்தும்வரை நெல் காத்திருக்காது. களத்திலோ ரோட்டோரத்திலோ கொட்டிக் காயவைத்து, மாலையில் குவித்து, பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு யாராவது படுப்பார்கள். பகல் முழுக்க வெயிலில் நெல்லைக் கிண்டிவிட்டவருக்கு இரவு இரண்டு மணித் தூறல் கேட்காது. முகத்தில் சொட்டு விழுந்து விழித்து, படுதாவை இழுத்துப் போர்த்துவதற்குள் மேல்நெல் நனைந்துவிடும். ஒரு குவியலுக்குப் படுதா போட இரண்டு ஆள் இருந்தால் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் மணியின் வேலை.

மழை வரப்போகிறது என்று இந்தக் கருவி சொல்லாது. முதல் சில சொட்டு விழுந்த பிறகு, விழுந்துவிட்டது என்று மட்டும் சொல்லும். கடிதத்தின் முதல் வடிவத்தில் "மழையை முன்கூட்டியே அறிவிக்கும்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதற்கு வட்டம்கூடப் போடவில்லை, நேராக அடித்துவிட்டார்கள்.

முதல் பட்டியலைப் படித்தால் அது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடும். ஆர்டுய்னோ போர்டு 450 ரூபாய். ஜிஎஸ்எம் மாட்யூல் 400. எல்சிடி திரை 180. மழை உணரும் தட்டு 70. ரிலே 60. பஸ்ஸர் 20. பேட்டரியும் அதன் கிளிப்பும் 40. மற்றவை 500. ஆக 1,720 ரூபாய். புராஜெக்ட் என்றாலே ஆர்டுய்னோவில் தொடங்கி எல்சிடியில் முடிய வேண்டும் என்ற எழுதாத சட்டம் ஒன்று பாலிடெக்னிக்குகளில் இருக்கிறது. நடு இரவில், களத்தில், அந்தத் திரையைப் பார்க்கப் போவது யார் என்று யாரும் கேட்பதில்லை.

புராஜெக்ட் கைடு கேட்டது வேறு கேள்வி.

"ஏம்மா, உங்க ஊர்ல மழை பெய்யும்போது கரண்ட் இருக்குமா?"

"இடி இடிச்சாலே போயிடும் சார்."

"அப்ப உன் மணி எப்ப வேலை செய்யணும்?"

இந்தப் புராஜெக்ட்டின் மொத்தக் கணக்கும் இந்த மூன்று வரியில் இருக்கிறது. காற்று அடித்தால் மரக்கிளை கம்பியில் உரசி ஃபீடர் விழுகிறது. விழாவிட்டாலும் ஆபத்து வேண்டாம் என்று லைனை நிறுத்திவைக்கிறார்கள். ஆக, மின்சாரம் போகும் வாய்ப்பு எப்போது அதிகமோ அப்போதுதான் இந்தக் கருவிக்கு வேலை. வாஷிங் மெஷினுக்கு மின்வெட்டு ஒரு தொந்தரவு மட்டுமே. மழை மணிக்கோ அதுதான் டூட்டி நேரம். பேட்டரியைக் கூடுதல் வசதியாகப் பட்டியலின் கடைசியில் எழுதக் கூடாது, முதல் வரியில் வைத்து மற்றதையெல்லாம் அதற்குப் பொருத்த வேண்டும் என்று கைடு சொன்னது அதனால்தான்.

ஓரத்தில் எழுதிய கேள்விக்கு விடை கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். ஆர்டுய்னோ ஊனோ போர்டு சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர் குடிக்கும். கையடக்கமான 9 வோல்ட் பேட்டரியில், நல்ல ரகமாகவே இருந்தாலும், 500 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குத்தான் சரக்கு இருக்கும். 500-ஐ 50-ஆல் வகுத்தால் 10 மணி நேரம். உண்மையில் அதுவும் கிடைக்காது, ஏனென்றால் இந்தச் சின்னப் பேட்டரிகள் வேகமாக உறிஞ்சினால் சொன்ன அளவைக் கொடுப்பதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு கரண்ட் போனால், விடியற்காலை மழைக்கு முன்பே மணி செத்திருக்கும். எல்சிடியின் பின்விளக்கையும் சேர்த்தால் நள்ளிரவு தாண்டுவதே சந்தேகம்.

ஜிஎஸ்எம் மாட்யூலின் கதை இன்னும் மோசம். மாணவர்கள் வழக்கமாக வாங்கும் சிம் 800எல் மாட்யூல், டவரோடு பேசும் அந்தக் கண நேரத்தில் 2 ஆம்பியர்வரை இழுக்கும். 9 வோல்ட் பேட்டரியால் அதைக் கொடுக்கவே முடியாது. மாட்யூல் அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி அணையும். செய்முறை வகுப்பில் இதைப் பார்த்த எவரும் "மாட்யூல் போச்சு" என்றுதான் நினைப்பார்கள். போனது மாட்யூல் இல்லை, தீனிதான் பற்றவில்லை. போதாக்குறைக்கு அது 2ஜி மாட்யூல். வீட்டில் இருப்பது ஜியோ சிம் என்றால் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் நெட்வொர்க் வராது, ஜியோவுக்கு 2ஜி-யே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், இருபது மீட்டர் தள்ளித் தூங்குகிறவரை எழுப்ப எஸ்எம்எஸ் எதற்கு?

மூன்று வாரம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. அதற்குள் அவர் லேபிலிருந்து ஒரு மழைத் தட்டையும் மல்டிமீட்டரையும் கடன் வாங்கி வீட்டு மாடியில் சோதித்திருந்தார். கடிதத்தின் நடையே மாறியிருந்தது.

"பொருள்: இறுதியாண்டு செய்முறைத் திட்டத்துக்கு ஒப்புதல் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, நெல் காயும் களத்தில் முதல் மழைச் சொட்டு விழுந்தவுடன் வீட்டுத் திண்ணையில் சைரன் ஒலிக்கும் கருவி ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். மின்சாரம் இல்லாமல் குறைந்தது 7 நாள் இது விழித்திருக்க வேண்டும். மழை இல்லாத நேரத்தில் கருவி எடுக்கும் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. சைரன் 2 நிமிடத்துக்குள் தானே நிற்க வேண்டும். தேவைப்படும் பொருள்களும் விலையும்:

6 வோல்ட், 4.5 ஆம்பியர் மணி சீல்டு பேட்டரி - ரூ. 480
12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் - ரூ. 160
சார்ஜ் கட்டுப்பாட்டுக்கு எல்எம் 317, ஹீட் சிங்க் - ரூ. 40
மழைத் தட்டு, ஒப்பீட்டு அட்டையுடன், 2 செட் - ரூ. 140
7555 ஐசி, சாக்கெட் - ரூ. 45
பிடி 139 டிரான்சிஸ்டர், டயோடு, ரெசிஸ்டர், கப்பாசிட்டர் - ரூ. 90
6-12 வோல்ட் பீசோ சைரன் - ரூ. 180
4 கோர் வயர் 20 மீட்டர், மீட்டர் ரூ. 15 வீதம் - ரூ. 300
பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் - ரூ. 90
துளைப் பலகை, ஸ்விட்ச், ஃபியூஸ் - ரூ. 75
மொத்தம் ரூ. 1,600."

பழைய தொகைக்கும் புதிய தொகைக்கும் 120 ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் பழைய பட்டியலில் "மற்றவை" என்று மறைந்திருந்த 500 ரூபாய்க்கு இப்போது பெயர் வந்துவிட்டது. அந்த மற்றவைக்குள் ஒளிந்திருந்தவை வயர், பாக்ஸ், ஸ்விட்ச், ஃபியூஸ். சர்க்யூட் படத்தில் ஒரு கோடாக மட்டும் தெரிகிற வயர் நிஜத்தில் 300 ரூபாய், பேட்டரிக்கு அடுத்த பெரிய செலவு. களத்துக்கும் திண்ணைக்கும் நடுவே அடி அளந்து பார்த்தவருக்குத்தான் இந்த வரியை எழுதத் தோன்றும்.

இனி, பேட்டரி. 4.5 ஆம்பியர் மணி என்றால் 4,500 மில்லி ஆம்பியர் மணி. லெட் ஆசிட் பேட்டரியை அடிவரை காலி செய்தால் அது சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், 2,250. புதிய சர்க்யூட் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை மில்லி ஆம்பியர் எடுக்கிறது. நாளுக்கு 36. வகுத்தால் 62 நாள். சைரன் 150 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு நிமிடத்துக்கு மட்டும் என்பதால் ஒரு மழைக்கு 5 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் போகாது. மழைக்காலம் முழுக்கக் கத்தினாலும் அது பெரிய செலவு இல்லை. பேட்டரியைத் தின்பது கத்துகிற நேரம் இல்லை, காத்திருக்கிற நேரம்.

ஏழு நாளுக்கு 252 மில்லி ஆம்பியர் மணி போதுமே, இவ்வளவு பெரிய பேட்டரி எதற்கு என்று இங்கே ஒருவர் கேட்கலாம். துறைத் தலைவரும் அதைத்தான் கேட்டாராம். 6 வோல்ட் 4.5 என்பது எமர்ஜென்சி லைட்டில் இருக்கும் அதே பேட்டரி. சின்ன டவுன் எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். இதைவிடச் சின்னது வேண்டுமானால் திருச்சிக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போக வேண்டும். தவிர, பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் வயதாகி, சரக்கு பாதிக்கும் கீழே இறங்கிய பிறகும் ஒரு வாரம் தாங்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்தப் பகுதியில் பல கிராமங்களுக்கு கரண்ட் திரும்ப வாரக்கணக்கானது. ஏழு நாள் என்பது ஊதிப் பெரிதாக்கிய எண் இல்லை.

அடுத்து எழும் கேள்வி, கரண்ட் போனால் அடாப்டரிலிருந்து பேட்டரிக்கு மாற்றுவது எது? முதல் பட்டியலில் அதற்காகத்தான் ரிலே இருந்தது. இரண்டாவது கடிதத்தில் மாற்றுவதற்கு எதுவுமே இல்லை. சர்க்யூட் எப்போதும் பேட்டரியில்தான் ஓடுகிறது, கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அடாப்டர் ஓரமாக நின்று பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். மேல்நிலைத் தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்: மோட்டார் ஓடினாலும் நின்றாலும் குழாயில் வருவது தொட்டித் தண்ணீர்தான். ரிலேயின் காண்டாக்ட் துருப்பிடிக்கும் கவலை இல்லை, மாறும் கணத்தில் சர்க்யூட் தடுமாறும் கவலையும் இல்லை.

ஆனால் தொட்டி வழியக் கூடாது. 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை ஆண்டு முழுக்க சார்ஜில் வைத்திருக்க வேண்டுமானால் அதன் முனையில் 6.75-லிருந்து 6.9 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் உள்ளிருக்கும் ஈரம் காய்ந்து, பெட்டி உப்பும். குறைந்தால் முழுதாக ஏறாது. எல்எம் 317-க்கு 240 ஓம், 1,200 ஓம் என்ற இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 7.5 வோல்ட் வெளிவரும். அதற்குப் பின்னால் ஒரு டயோடு நிற்கிறது. கரண்ட் போகும்போது பேட்டரி தன் சரக்கை எல்எம் 317 வழியாகப் பின்னுக்கு ஒழுகவிடாமல் தடுப்பது அதன் வேலை. அது தன் பங்குக்கு 0.6-லிருந்து 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறது. கூடவே 4.7 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, காலியான பேட்டரி முதல் நேரத்தில் அளவுக்கு மீறி இழுக்காமல் இருக்க. அடாப்டர் ஏன் 12 வோல்ட், 9 போதாதா என்றால், போதாது. எல்எம் 317-க்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் இரண்டு, மூன்று வோல்ட் தள்ளி இருந்தால்தான் வேலை ஓடும்.

இதுவரை எல்லாம் கணக்கு. கணக்கில் வராதது தட்டில்தான் இருந்தது.

மழைத் தட்டு என்பது கைக்குள் அடங்கும் ஒரு பலகை. இரண்டு சீப்பைப் பல்லும் பல்லும் தொடாமல் கோத்துவைத்தது போல அதன் மேல் இரண்டு செட் உலோகக் கோடுகள் ஓடும். சொட்டு விழுந்தால் கோட்டுக்குக் கோடு தண்ணீர் பாலம் போடும், மின்சாரம் கொஞ்சம் கடக்கும். கூடவே வரும் சின்ன அட்டையில் எல்எம் 393 என்ற ஐசி அதைக் கவனித்து, "நனைந்துவிட்டது" என்று ஒரு கம்பியில் சொல்லும். எவ்வளவு நனைந்தால் சொல்ல வேண்டும் என்பதை ஒரு திருகில் வைக்கலாம்.

அவர் மாடியில் போர்வெல் தண்ணீரைத் தெளித்துத் திருகைச் சரிசெய்தார். சொட்டு பட்டவுடன் வேலை செய்தது. இரண்டு நாள் கழித்து நிஜ மழை வந்தது. தட்டு முழுக்கச் சொட்டு. அட்டை வாயைத் திறக்கவில்லை. நாலைந்து நிமிடம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது.

போர்வெல் தண்ணீரில் உப்பு இருக்கிறது, மின்சாரம் தாராளமாகக் கடக்கும். மழைத்தண்ணீர் ஏறக்குறைய காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் கடத்துவதற்கு ஒன்றுமில்லை. தட்டின் மேலிருக்கும் தூசி கரைந்த பிறகுதான் கொஞ்சமாவது கடத்தும். இந்தத் தட்டு வேலை செய்யவில்லை என்று புலம்புகிற பாதிப் பேர் குழாய்த் தண்ணீரில் சோதித்தவர்களாகத்தான் இருப்பார்கள். சரியான சோதனைத் தண்ணீர் பேட்டரிக் கடையில் இருக்கிறது: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். அதில் நாலு சொட்டுக்கு மணி அடித்தால் மழைக்கு அடிக்கும்.

டிஸ்டில்டு வாட்டருக்கு அடிக்கவைக்கத் திருகு மட்டும் போதவில்லை. அட்டையில் தட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி, 100 கிலோ ஓம் வைக்க வேண்டியிருந்தது. அதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நல்ல தண்ணீரையும் தட்டு உணர்ந்தது. நனைந்த தட்டில் ஓடும் மின்னோட்டமும் பத்தில் ஒரு பங்கானது. இரண்டாவது மாங்காய்தான் பெரியது. ஈரமான தட்டில் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால், முலாம் பூசும் தொட்டியில் நடப்பதேதான் இங்கேயும் நடக்கிறது: பிளஸ் பக்கத்துக் கோடுகள் கரைந்து போகின்றன. முதலில் கறுக்கும், பிறகு பச்சை பூக்கும், கடைசியில் கோடே அறுந்துவிடும். லேபில் இருந்த பழைய தட்டு ஒன்றில் ஒரு சீப்பின் பற்கள் பளபளவென்றும் மற்றதன் பற்கள் அரித்தும் இருந்ததைப் பார்த்துத்தான் அவர் பட்டியலில் "2 செட்" என்று எழுதினார். மின்னோட்டம் குறைந்தாலும் அரிப்பு நிற்காது, தள்ளிப்போகும், அவ்வளவுதான். பருவத்துக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

அட்டையில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் பவர் விளக்கையும் அவர் நோண்டி எடுத்துவிட்டார். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் திரியைச் சுருக்குவது போலத்தான். அந்தக் குட்டி விளக்கு மட்டும் மூன்று நாலு மில்லி ஆம்பியர், அதாவது மொத்த சர்க்யூட் எடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஐசி-யிலும் இதே கதை. பாடப்புத்தகத்தில் வரும் சாதா 555 பத்து ரூபாய். கால்கள் அதே இடத்தில் இருக்கும் 7555, சிமாஸ் வகை, நாற்பது ரூபாய்க்குப் பக்கம். முப்பது ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கியது எதற்கு என்று பில்லைப் பார்ப்பவர் கேட்பார். சாதா 555 சும்மா இருக்கும்போது 3 மில்லி ஆம்பியருக்குமேல் எடுக்கும். 7555-க்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். "2 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது" என்று கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு பத்து ரூபாய் ஐசி வாங்க முடியாது.

இன்னொரு பென்சில் திருத்தம் டிரான்சிஸ்டரில். சைரனை இயக்க முதலில் பிசி 547 போட நினைத்திருந்தார், எல்லா லேபிலும் கிடக்கும் சாமான். அது 100 மில்லி ஆம்பியர்வரைதான் தாங்கும், சைரன் கேட்பது 150. உடனே எரியாது. டெமோ நாளில் நன்றாகவே வேலை செய்யும். களத்தில் நாலாவது மழையில் போகும். அதற்காகத்தான் பிடி 139.

ஒப்புதல் கிடைத்து, பலகையில் சால்டர் வைத்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றினார். சைரன் அலறியது. ஒரு மெகா ஓம் ரெசிஸ்டருக்கும் 100 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டருக்கும் 110 விநாடியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மூன்று நிமிடம், நாலு நிமிடம், பக்கத்து லேபிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். ரெசிஸ்டரை மாற்றினார், கப்பாசிட்டரை மாற்றினார், ஐசி-யை மாற்றினார். தட்டைத் துணியால் துடைத்ததும் நின்றது.

அங்கேதான் விடை. 7555-ஐத் தட்டி எழுப்பும் கம்பி, தட்டு ஈரமாக இருக்கும்வரை தட்டிக்கொண்டே இருக்கிறது. காலிங் பெல்லில் விரலை எடுக்காமல் நிற்கும் விருந்தாளி மாதிரி. நேரம் முடிந்தாலும் பொத்தான் அழுந்தியே இருந்தால் அந்த ஐசி அணையாது. இரண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றை வைத்தால், உலர்ந்தது நனைந்ததாக மாறுகிற அந்த ஒரு கணம் மட்டும் கடக்கும். அப்புறம் எவ்வளவு நேரம் நனைந்திருந்தாலும் சைரனுக்குத் தெரியாது. தட்டு காய்ந்து மறுபடி நனைந்தால்தான் அடுத்த அலறல். ஒரு ரூபாய்ச் சாமான். ஒன்றரை நாள் வேலை.

பனி மட்டும் முழுசாக மடங்கவில்லை. குறுவையில் இது பெரிய தொல்லை இல்லை. சம்பா அறுவடை தை, மாசியில் வரும்போது விடியற்காலைப் பனியில் தட்டு முழுக்க வேர்த்துவிடும். உணர்திறனைக் கூட்டிய தட்டு அதையும் மழை என்றே எடுத்துக்கொள்ளும். விடியற்காலை நாலு மணிக்குப் பொய்யாக இரண்டு முறை எழுப்பினால் மூன்றாம் நாள் அப்பாவே வயரைப் பிடுங்கிவிடுவார். தட்டைக் கூரை மாதிரிச் சரித்து மாட்டியதில் கொஞ்சம் குறைந்தது. பிறகு தட்டின் அடியில் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டி, அடாப்டரின் 12 வோல்ட்டை நேரே கொடுத்தார். ஒன்றரை வாட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூடு, தட்டு லேசாக வெதுவெதுக்கும், பனி படியாது. பட்டியலில் 4 கோர் வயர் இருந்தது இப்போது கைகொடுத்தது. இரண்டு கோர் தட்டின் அட்டைக்கு மின்சாரம், ஒன்று சேதி, நாலாவது சூட்டுக்கு.

இந்தச் சூடு 120 மில்லி ஆம்பியர் எடுக்கும். பேட்டரியில் கொடுத்தால் ஒரு நாள்கூடத் தாங்காது. அதனால் கரண்ட் இருக்கும்போது மட்டும் தட்டு வெதுவெதுப்பாக இருக்கும், போனால் குளிர்ந்துவிடும். கரண்ட் இல்லாத பனி இரவில் மணி பொய் சொல்லலாம் என்பதை அவர் அறிக்கையில் மறைக்கவில்லை. பொய்யாக அடிப்பதற்கும் அடிக்காமல் விடுவதற்கும் நடுவில் எதை ஏற்பது என்று வந்தால், நெல் வைத்திருப்பவருக்கு விடை தெரியும்.

பேட்டரிக்கு வயதாவது வெளியே தெரியாது. மல்டிமீட்டரை வைத்தால் செத்த பேட்டரியும் 6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சைரனை ஒலிக்கவிட்டு அப்போது பார்க்க வேண்டும். பத்து விநாடியில் 6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மல்டிமீட்டர் இல்லாத வீட்டுக்கு இன்னும் சுலபமான சோதனை ஒன்று உண்டு: அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, எச்சில் விரலைத் தட்டில் வைப்பது. உமித் தூசி படிந்து தட்டு மழுங்கியிருக்கிறதா, வயரை எலி கடித்ததா, பேட்டரி இருக்கிறதா என்ற மூன்றையும் ஒரே விரல் சொல்லிவிடும்.

வைவா அன்று பில்களை அடுக்கினார். 1,600 என்று எழுதியது 1,685-ல் முடிந்திருந்தது. பேட்டரி 480-க்குப் பதில் 540, சைரன் 180-க்குப் பதில் 205. மற்ற வரிகள் பிசகவில்லை. கைடு சாமான்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றார்.

"தட்டு ரெண்டு செட்னு போட்டிருக்க. இன்னொண்ணு எங்கம்மா?"

"வீட்ல சார். அம்மா வடகம் காயப்போடுற மாடியில கட்டியிருக்கேன். பகல்ல மட்டும்தானே, அதுக்கு அந்த 9 வோல்ட் பேட்டரியே போதுது."